21 வருஷமா தொடாத பிபிஎஃப் கணக்கு, பாஸ்புக்ல எதிர்பாராத தொகை, தப்பா போட்டுட்டாங்களா?

டைம்ஆபீஸ் கிளார்க்
எல்லாருக்கும் வணக்கம். இங்க இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எனக்கு வயசு 64. கோவைல ஒரு ஸ்பின்னிங் மில்லுல டைம் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தேன். 1988 ஏப்ரல்ல கல்யாணம் ஆன கையோட மாமனார் என்னைய போஸ்ட் ஆபீசுக்கு கூட்டிட்டு போயி ஒரு பிபிஎஃப் கணக்கு ஆரம்பிக்க வச்சாரு. மாசம் 200 ரூபா. 93 ஏப்ரல்ல இருந்து 500 ஆக்குனேன், அதுவும் என் வீட்டுக்காரம்மா பிளவுஸ் தச்சு வந்த காசையும் சேர்த்துத்தான். 2004 ஏப்ரல்ல மில்ல மூடிட்டாங்க, அதோட கட்டுறதையும் நிறுத்தியாச்சு. பிஎஃப், கிராஜுவிட்டி கொஞ்சம் வந்துச்சு, அதை வச்சு பொண்ணு படிப்பை பாத்துட்டு கோவில்பட்டி பக்கம் சொந்த ஊருக்கே வந்துட்டோம். இங்க ஒரு அரிசி ஆலைல கணக்கு எழுதுறேன்.

அந்த கணக்குல 2004 மார்ச்ல 1 லட்சத்து 70 ஆயிரம் சொச்சம் இருந்துச்சு, பழைய பாஸ்புக்ல கையால எழுதி சீல் வச்சது இன்னும் இருக்கு. 15 வருஷம் முடிஞ்சா வட்டி நின்னுடும்னு நான் நெனச்சிட்டு இருந்தேன், லாக்கர்ல வச்ச பணம் மாதிரி அது பாட்டுக்கு கெடக்கட்டும்னு விட்டுட்டேன். எடுக்கலாம்னு ரெண்டு தடவ கெளம்புனப்பவும் வீட்டுக்காரம்மா விடல, வயசான காலத்துக்கு ஆவும்னு சொல்லிட்டா. அவ தவறி மூணு வருஷம் ஆச்சு.

இப்ப வீட்டு மாடி தளம் ஒழுகுது, கம்பி தெரியுது. சரின்னு போன வாரம் கோவைக்கு போயி ஆதார், பான், போட்டோ எல்லாம் குடுத்து பாஸ்புக்க மாத்துனேன். புதுசுல 8 லட்சத்து 43 ஆயிரம் சொச்சம்னு பிரிண்ட் ஆயி வந்திருக்கு. நான் மொத்தமா கட்டுனதே 78 ஆயிரம்தான். கவுண்டர்ல கேட்டா சிஸ்டத்துல அப்படித்தான் இருக்குன்னாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. இது தப்பா ஏறுன பணமா? எடுத்து செலவு பண்ணிட்டு நாளைக்கு திருப்பி கட்டச் சொன்னா நான் எங்க போவேன்?

நெல்லைப் பையன்
அங்கிள் இது கண்டிப்பா எரர்தான். மெச்சூரிட்டிக்கு அப்புறம் எக்ஸ்டென்ஷன் ஃபார்ம் குடுக்கலைன்னா சேவிங்ஸ் அக்கவுண்ட் வட்டி 4% தான் தருவாங்க. என் ஃப்ரெண்டோட அப்பாவுக்கு டேர்ம் டெபாசிட்ல இப்படித்தான் ஆச்சு. அதிகமா ஏறுன வட்டிய பின்னாடி ஆடிட்ல கண்டுபிடிச்சு ரெக்கவரி பண்ணுவாங்க, பாத்துக்கோங்க. பணத்த தொடாதீங்க.

செல்வி மதுரை
அண்ணா, யூஏஎன் நம்பர் ஆக்டிவேட் பண்ணீங்களா? எங்க வீட்டுக்காரருக்கும் பழைய கம்பெனி பிஎஃப் எடுக்கவே முடியல, கம்பெனி மூடிட்டாங்க, கையெழுத்து போட ஆளே இல்ல. உங்களுக்கு எந்த ஆபீஸ்ல பண்ணி குடுத்தாங்க?

பழைய லெட்ஜர்
செல்வி, அது வேற. நீங்க சொல்றது கம்பெனில புடிக்கிற பிஎஃப். இவரு சொல்றது தானா போஸ்ட் ஆபீஸ்ல போயி கட்டுன பிபிஎஃப், இதுக்கு கம்பெனி கையெழுத்தே வேணாம்.

நான் 36 வருஷம் தபால் துறைல இருந்தவன், அதுல பாதி சேமிப்பு வங்கி பிரிவுதான். நெல்லைத் தம்பி சொன்னதுல பாதி சரி. டேர்ம் டெபாசிட் மாதிரி கணக்கெல்லாம் முடிஞ்சப்புறம் விட்டு வச்சா சேவிங்ஸ் வட்டிதான். ஆனா பிபிஎஃப் அப்படி இல்ல. 15 வருஷம் முடிஞ்ச கணக்க மூடாம, ஒரு பைசா கட்டாம அப்படியே விட்டாலும் அந்தந்த காலத்து பிபிஎஃப் வட்டியே ஓடிட்டு இருக்கும். ஃபார்ம் குடுக்கணும்ங்கறது தொடர்ந்து பணம் கட்டணும்னு நெனைக்கிறவங்களுக்கு மட்டும்தான்.

சும்மா நான் சொல்றேன்னு நம்ப வேணாம், கணக்கு போட்டுப் பாத்துடலாம். அதுக்கு முன்னாடி சார், ரெண்டு விஷயம் சொல்லுங்க. நடுவுல ஏதாவது ஒரு வருஷம் கட்டாம விட்டீங்களா? அப்புறம் மாசத்துல எந்த தேதில கட்டுவீங்க?

டைம்ஆபீஸ் கிளார்க்
முழு வருஷம் விட்டதில்ல ஐயா. ஒரு வருஷம் மில்லுல ஸ்ட்ரைக், ரெண்டு மூணு மாசம் லேட்டாச்சு, அப்புறம் சேர்த்து கட்டிட்டேன். தேதின்னா, எங்களுக்கு சம்பளம் 7ஆம் தேதி. அன்னைக்கு இல்லன்னா மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல சைக்கிள்ல போயி கட்டுவேன். ஏன் கேக்குறீங்க?

பழைய லெட்ஜர்
காரணம் இருக்கு. வருஷத்துக்கு கட்ட வேண்டிய மினிமம் அப்ப 100 ரூபாதான், அதையும் விட்டிருந்தா கணக்கு செத்துப்போன கணக்காயிருக்கும், கதையே வேற. நீங்க விடல, நல்லது.

இப்ப கணக்குக்கு வருவோம். நீங்க ஆரம்பிச்ச 88ல பிபிஎஃப் வட்டி 12%. அது 2000 ஜனவரி நடு வரைக்கும் அப்படியே இருந்துச்சு, இன்னைக்கு பசங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க. அப்புறம் 11, 9.5, 9னு எறங்கி 2003 மார்ச்ல இருந்து 8. நான் உக்காந்து வருஷா வருஷம் போட்டுப் பாத்தேன். மாசா மாசம் கரெக்டா கட்டுனதா வச்சா 2004 மார்ச் கடைசில 1 லட்சத்து 72 ஆயிரம் வருது. உங்க பாஸ்புக்ல 1 லட்சத்து 70 ஆயிரத்து சொச்சம். ஒன்றரை ஆயிரம் இடிக்குது. அதுக்குத்தான் தேதி கேட்டேன். பிபிஎஃப்ல ஒவ்வொரு மாசமும் 5ஆம் தேதி முடிஞ்சதுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் எது கொறஞ்ச பேலன்ஸோ அதுக்குத்தான் வட்டி. 7ஆம் தேதி கட்டுன பணத்துக்கு அந்த மாச வட்டி கெடையாது. அத கழிச்சுப் போட்டேன், 1,70,470 வருது. பழைய பாஸ்புக்க எடுத்துப் பாருங்க, நூறு எரநூறு முன்னப்பின்ன இருக்கும், ஸ்ட்ரைக் மாசத்த நான் சேர்க்கல.

இனி அங்க இருந்து மேல. 2011 மார்ச் வரைக்கும் ஏழு வருஷம் 8%, அது 2 லட்சத்து 92 ஆயிரம் ஆவுது. அப்புறம் வட்டி கொஞ்சம் ஏறி 8.6, 8.8, 8.7னு போச்சு, 2016 மார்ச்ல 4 லட்சத்து 42 ஆயிரம். அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டிய அறிவிக்க ஆரம்பிச்சாங்க, 8.1க்கும் 7.6க்கும் நடுவுல ஆடிட்டு 2020 மார்ச்ல 6 லட்சத்த தொடுது. 2020 ஏப்ரல்ல இருந்து 7.1. அஞ்சு வருஷம் போட்டா 2025 மார்ச்ல 8 லட்சத்து 43 ஆயிரம்.

உங்க பணம்தான் சார் அது. 4% போட்டிருந்தா 4 லட்சத்த கூட தொட்டிருக்காது. யாரும் திருப்பி கேக்க மாட்டாங்க.

டைம்ஆபீஸ் கிளார்க்
ஐயா பழைய புக்க எடுத்துப் பாத்தேன். 1,70,391. எனக்கு கை நடுங்குது. வேற என்ன எழுதுறதுன்னு தெரியல, நாளைக்கு வர்றேன்.

நெல்லைப் பையன்
ஓகே ஐயா, நான் தப்பு. ஆனா ரெக்கவரி பண்ணுவாங்கங்கறது உண்மைதானே?

பழைய லெட்ஜர்
உண்மைதான் தம்பி, ஆனா அது விதிய மீறுன கணக்குக்கு. ஒரே ஆளு ரெண்டு பிபிஎஃப் வச்சிருந்தாலோ, லிமிட்ட தாண்டி கட்டியிருந்தாலோ.

கவிதா திருச்சி
ஐயா ஒரு நிமிஷம், நீங்க தொடர்ந்து கட்டுறவங்களுக்கு மட்டும் ஃபார்ம்னு சொன்னீங்கள்ல, அங்கதான் நான் மாட்டுனேன். என்னோடது 2017ல முடிஞ்சுது. நான் ஸ்கூல் டீச்சர், வேலை பாத்துட்டு இருந்தேன், அது பாட்டுக்கு ஆட்டோமேட்டிக்கா போயிட்டு இருக்குன்னு நெனச்சு வருஷா வருஷம் கட்டிட்டே வந்தேன். நாலு வருஷம் கழிச்சு பாத்தா, ஃபார்ம் குடுக்காததால அந்த நாலு வருஷம் கட்டுன பணத்துக்கு வட்டியே கெடையாதுன்னுட்டாங்க, அசல மட்டும் திருப்பி குடுத்தாங்க. பழைய பேலன்ஸுக்கு மட்டும் வட்டி வந்துச்சு. அதாவது இந்த அண்ணா ஒண்ணுமே செய்யாம விட்டது நல்லதாப் போச்சு, நான் ஒழுங்கா கட்டுனது கெட்டதாப் போச்சு. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

பழைய லெட்ஜர்
வருத்தமான விஷயம்மா. முடிஞ்ச தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள அந்த ஃபார்ம குடுத்திருக்கணும், அப்பத்தான் அடுத்த அஞ்சு வருஷம் கட்டலாம். கவுண்டர்ல பணத்த வாங்கும்போதே சொல்லியிருக்கணும், அது எங்க ஆளுங்க தப்புதான், ஒத்துக்கறேன்.

இண்டெக்ஸ் மட்டும்
நான் கொஞ்சம் கசப்பா பேசுவேன், யாரும் கோச்சுக்காதீங்க. 37 வருஷத்துல 78 ஆயிரம் 8.4 லட்சம். இதே மாசாமாசம் பணத்த ஒரு சென்செக்ஸ் இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டிருந்தா? 2004 மார்ச்ல சென்செக்ஸ் 5,600 கிட்ட, 2025 மார்ச்ல 77,000 கிட்ட. அதாவது அந்த 1.7 லட்சத்த 2004ல எடுத்து மாத்தியிருந்தாலே அப்ப டிவிடெண்ட் இல்லாமலே 23 லட்சம். பிபிஎஃப் கதைய வெற்றிக் கதையா சொல்றது புதுசா வர்ற பசங்களுக்கு தப்பான வழிய காட்டும்.

சிவகாசி ராஜா
தம்பி 2004ல மில்லு மூடி நடுத்தெருவுல நிக்கிற கிளார்க்குகிட்ட போயி மொத்தத்தையும் ஷேர்ல போடுங்கன்னு சொல்லியிருப்பியா? 2008ல பாதியா எறங்குனப்ப அவரு தூங்கியிருப்பாரா? 8 லட்சம் இருக்குன்னு தெரிஞ்சே தூக்கம் வராத மனுஷன் அவரு.

எனக்கு கேட்டா தங்கம்தான். 93ல பவுனு 3,300 கிட்ட. மாசம் 500ன்னா ஏழு மாசத்துக்கு ஒரு பவுன். மொத்தமா அவரு கட்டுன 78 ஆயிரத்துக்கு இருவது பவுன் தேறியிருக்கும், செய்கூலி சேதாரம் போக ஒண்ணு ரெண்டு கொறையும்னு வச்சுக்கோ. 2025 ஜூன்ல பவுன் 72 ஆயிரம் கிட்ட. 13, 14 லட்சம்.

டைம்ஆபீஸ் கிளார்க்
ராஜா அண்ணாச்சி, தங்கமும் வாங்குனோம். கல்யாணத்துக்கு போட்டது, அப்புறம் சீட்டு போட்டு எடுத்தது, எல்லாம் சேர்த்து ஒம்போது பவுன் இருந்துச்சு. மில்லு மூடுன வருஷமே நாலு பவுன் அடகுக் கடைக்கு போயி அங்கயே முழுகிருச்சு. மிச்சம் பொண்ணு கல்யாணத்துல போச்சு. வீட்டுல தங்கம் இருந்தா அவசரத்துக்கு முதல்ல கை அங்கதான் போவும். இந்தக் கணக்கு கோவைல இருந்துச்சு, நான் கோவில்பட்டில இருந்தேன், அதான் தப்பிச்சுது.

இன்னொண்ணு சொல்லணும். 90கள்ல எங்க மில்லு வாசல்லயே பைனான்ஸ் கம்பெனி ஏஜென்ட் வந்து நிப்பாரு, வருஷத்துக்கு 24 வட்டி, டிவில விளம்பரம் வேற. என் டேபிளுக்கு பக்கத்து டேபிள் கேஷியர் பிஎஃப் லோன் போட்டு 40 ஆயிரத்த அதுல போட்டாரு. நீ 12 வட்டிக்கு சைக்கிள் மிதிக்கிறியான்னு என்னைய கிண்டல் பண்ணுவாரு. ஒரு நாள் காலைல ஆபீஸ் பூட்டிக் கெடந்துச்சு. நானும் அங்க போட ஃபார்ம் வாங்கி வச்சிருந்தேன், வீட்டுக்காரம்மா கையெழுத்து போட விடல. நான் ஒண்ணும் புத்திசாலி இல்ல.

பழைய லெட்ஜர்
அந்த சமயத்துல அப்படி எத்தனையோ கம்பெனி. அதுக்காகவே 1997ல தமிழ்நாட்டுல டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டமே போட்டாங்க. போட்டும் முழுசா திரும்பக் கெடைச்சவங்க கொஞ்சம் பேருதான்.

இண்டெக்ஸ் மட்டும்
சார் உங்கள குத்தம் சொல்லல, மன்னிச்சுக்கோங்க. நான் சொல்ல வந்தது இன்னைக்கு 25 வயசுல இருக்கறவன் 7.1 வட்டிய நம்பி இதே மாதிரி ஆவும்னு எதிர்பாக்கக் கூடாது. அந்த முதல் 12 வருஷ 12% இனிமே வராது.

பழைய லெட்ஜர்
அது சரியான பேச்சு, நான் மறுக்க மாட்டேன். ஆனா அப்ப விலைவாசியும் வருஷத்துக்கு ஒம்போது பத்துன்னு ஏறுச்சு, அதையும் சேர்த்துப் பாரு.

சரி, சார், இப்ப நீங்க செய்ய வேண்டியது. மாடிக்கு எவ்வளவு ஆகும்? வேற வருமானம் என்ன?

டைம்ஆபீஸ் கிளார்க்
கொத்தனார் ஒன்றரை லட்சம் சொல்றாரு ஐயா. பிஎஃப் பென்ஷன் மாசம் 1,900 வருது. அரிசி ஆலைல 9,000, ஆனா முட்டி வலி, இந்த தீபாவளியோட நின்னுடலாம்னு இருக்கேன். அப்புறம் அந்த 1,900தான். பொண்ணு திருப்பூர்ல இருக்கா, வந்துடுப்பான்னு கூப்புடுறா, நான்தான் போகல.

பழைய லெட்ஜர்
அப்ப கவனமா கேளுங்க. உங்க மாதிரி கட்டாம நீடிக்கிற கணக்குல இருந்து ஒரு நிதியாண்டுக்கு ஒரு தடவைதான் எடுக்க முடியும், தொகை எவ்வளவு வேணா இருக்கலாம். அதனால மாடிக்கு ஒன்றரை லட்சம்னு எடுத்துட்டு, கார்த்திகைல மறுபடி கை செலவுக்குன்னு போயி நின்னா குடுக்க மாட்டாங்க, அடுத்த ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கணும், இல்லன்னா கணக்கையே மூடணும். முதல்லயே யோசிச்சு ஒரே தடவையா எடுங்க.

அடுத்தது, மூடலாமா வேணாமா. 60 தாண்டுனவருக்கு சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் இப்ப 8.2%. மாடி வேலை போக மிச்சம் 6 லட்சத்து 90 ஆயிரத்த அதுல போட்டா மூணு மாசத்துக்கு ஒருக்கா 14,145 உங்க சேவிங்ஸ் கணக்குல வந்து விழும், மாசத்துக்கு 4,700ன்னு வச்சுக்கோங்க. பிபிஎஃப்லயே விட்டா வருஷ வட்டி 49 ஆயிரம் கிட்ட, அதுவும் மார்ச் கடைசிலதான் ஏறும், வருஷம் ஒருக்காதான் எடுக்கலாம். வருஷத்துக்கு 7,600 வித்தியாசம்.

கவிதா திருச்சி
ஆனா ஐயா பிபிஎஃப் வட்டிக்கு வரி இல்லையே, அதுக்கு வரி உண்டுல்ல?

பழைய லெட்ஜர்
உண்டும்மா. உன்னை மாதிரி பென்ஷன் நல்லா வாங்குறவங்களுக்கு அந்த வித்தியாசம் பெருசு, நீ பிபிஎஃப்லயே வச்சிரு. இவருக்கு மொத்த வருமானமே வரி கட்டுற அளவு இல்ல. வரி இல்லாத வட்டின்னு கம்மி வட்டிய வாங்குறதுல இவருக்கு என்ன லாபம்?

சிவகாசி ராஜா
நான் ஒத்துக்க மாட்டேன் ஐயா. கையில மூணு மாசத்துக்கு ஒருக்கா காசு வந்தா மருமகன், சொந்தக்காரன்னு கேக்குறவன் கூடுவான். பிபிஎஃப்ல இருந்தா கடன்காரன் கோர்ட்டுக்கு போனாலும் அந்தப் பணத்த ஜப்தி பண்ண முடியாது, சட்டத்துலயே இருக்கு. மூடிட்டா அவ்வளவுதான், திரும்ப அந்தக் கணக்கு வராது, புதுசா தொறந்தா மறுபடி 15 வருஷம். 64 வயசுல எங்க போயி 15 வருஷம்.

பழைய லெட்ஜர்
ராஜா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. சீனியர் திட்டத்துல அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா கொஞ்சம் புடிப்பாங்க வேற, முதல் வருஷத்துக்குள்ளயே எடுத்தா வாங்குன வட்டியவே கழிச்சுக்குவாங்க. நான் இவரா இருந்தா முழுசா மூட மாட்டேன். இந்த வருஷ தடவைல அஞ்சரை லட்சம் எடுப்பேன், ஒன்றரை மாடிக்கு, நாலு சீனியர் திட்டத்துக்கு. மிச்சம் ரெண்டே முக்கால், மூணு அங்கயே கெடக்கட்டும், ஆஸ்பத்திரி செலவுன்னு வந்தா அடுத்த ஏப்ரல்லயோ மூடியோ எடுத்துக்கலாம். நாலு லட்சத்துக்கு மூணு மாசத்துக்கு 8,200 வரும், அவரு பென்ஷனோட சேர்த்தா மாசம் 4,600. கோவில்பட்டில தனி ஆளுக்கு அது போதுமான்னு அவருதான் சொல்லணும்.

டைம்ஆபீஸ் கிளார்க்
சொந்த வீடு ஐயா, ரேஷன் அரிசி இருக்கு. மாத்திரைதான் செலவு. போதும் போதாதுன்னு இழுத்துக்கும். பொண்ணுகிட்ட பேசுனேன், அவ ராஜா அண்ணாச்சி கட்சி, தொடாதப்பாங்குறா. மருமகன் ஷேர்ல போடலாம்ங்குறாரு.

இண்டெக்ஸ் மட்டும்
மருமகன் பேச்ச கேக்காதீங்க சார். நானே சொல்றேன், உங்க வயசுக்கு, இந்தப் பணத்துக்கு வேணாம்.

செல்வி மதுரை
எனக்கு யாரும் பதில் சொல்லலையே, மூடுன கம்பெனி பிஎஃப்க்கு என்ன பண்றது?

கவிதா திருச்சி
செல்வி அக்கா தனி இழை போடுங்க, இங்க போட்டா காணாம போயிடும். அண்ணா, நாமினி யாருன்னு பாத்தீங்களா? 88ல போட்டதுன்னா கண்டிப்பா பழசா இருக்கும்.

டைம்ஆபீஸ் கிளார்க்
பாத்தேன்மா. புது புக்குல நாமினின்னு எங்க அம்மா பேரு இருக்கு. அம்மா போயி 19 வருஷம் ஆச்சு. கல்யாணம் ஆன மாசமே ஆரம்பிச்சதால வீட்டுக்காரம்மா பேரக் கூட போடல நான், அவளும் ஒரு நாளும் கேக்கல.

பழைய லெட்ஜர்
அதைத்தான் முதல்ல மாத்தணும், பணம் எடுக்கறதுக்கும் முன்னாடி. இப்ப அதுக்கு கட்டணமும் கெடையாது. பொண்ணு பேர போடுங்க. அவளோட ஆதார் நகலையும் கையோட எடுத்துட்டு போங்க. பணம் எடுத்தா உங்க சேவிங்ஸ் கணக்குக்குத்தான் போவும், கையில ரொக்கமா இவ்வளவு தர மாட்டாங்க, அதனால கோவில்பட்டி கணக்கு பாஸ்புக்கும் வேணும். ஒவ்வொரு தடவையும் கோவைக்கு அலையாம இருக்க, கணக்கையே உங்க ஊரு போஸ்ட் ஆபீசுக்கு மாத்தச் சொல்லி அப்பவே எழுதிக் குடுத்துடுங்க.

டைம்ஆபீஸ் கிளார்க்
சரிங்க ஐயா. வர்ற செவ்வாய்க்கிழமை காலைல பஸ்ஸுக்கு கெளம்புறேன், பொண்ணு திருப்பூர்ல இருந்து நேரா அங்க வந்துடுறேன்னா. ஒரே ஒரு சந்தேகம், பாஸ்புக்ல எனக்கு இனிஷியல் ஒண்ணு, ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கு. பாஸ்புக் மாத்துறப்ப ஒண்ணும் சொல்லல, பணம் எடுக்கறப்ப ஏதும் சொல்லுவாங்களா?

பழைய லெட்ஜர்
சொல்லலாம், சொல்லாமயும் விடலாம், அது கவுண்டர்ல உக்காந்திருக்கற ஆளப் பொறுத்தது. பான் கார்டு, பழைய கை எழுத்து பாஸ்புக்கு ரெண்டையும் கொண்டு போங்க. அதுல உங்க 88 கையெழுத்து இருக்கும். அத மாதிரியே போட்டுப் பழகிட்டு போங்க சார், வயசானா எல்லாருக்கும் கையெழுத்து மாறிடும், நான் திருப்பி அனுப்புனவங்கள்ல பாதி பேரு அதுக்குத்தான்.